தோசை மாவுக் கணக்கும் ராத்திரி கால் மணி நேர நடையும்

சர்க்கரை நோயோடு எடையைக் குறைக்கத் தொடங்கியபோது எடை 81 கிலோ, இடுப்பு 101 செ.மீ., மூன்று மாத சராசரி சர்க்கரை (ஹெச்பிஏ1சி) 7.1. மாத்திரை மெட்ஃபார்மின் 500 இரண்டு வேளை, காலையில் கிளிமிபிரைட் 1 மி.கி. பன்னிரண்டு வாரத்தில் எடை 75.8, சராசரி 6.3. நடுவில் என்ன செய்தேன், எங்கே தப்பு நடந்தது என்பதை மட்டும் எழுதுகிறேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கும், அதாவது சராசரி 5.7 முதல் 6.4 வரை உள்ளவர்களுக்கும், சாப்பாட்டுக் கணக்கு இதேதான். மாத்திரை பற்றிய பகுதி மட்டும் அவரவர் சீட்டைப் பொறுத்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சாப்பிட்டபின் நடப்பது சர்க்கரை ஏற்றத்தைக் குறைக்கும். கொழுப்பைப் பெரிதாகக் கரைக்காது. 80 கிலோ ஆள் கால் மணி நேரம் நடந்தால் செலவாவது ஐம்பது அறுபது கலோரிதான், ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயில் பாதி. எடை குறைவது தட்டில்தான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் ஒரு மாதம் நடந்துவிட்டு, 'எடையே இறங்கலை' என்று நடையை விட்டுவிடுகிறார்கள்.

தட்டில் ஆரம்பித்தது மாவிலிருந்து. 'ரெண்டு தோசை' என்பது ஒரு அளவே இல்லை. கரண்டி வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டு மாவு 400 கிராம் இட்லி அரிசிக்கு 100 கிராம் உளுந்து. அரிசியில் 310 கிராம் சொச்சம் மாவுச்சத்து, உளுந்தில் 60 கிராம் அளவு. அரைத்து முடித்தபின் பாத்திரத்தின் எடையைக் கழித்துப் பார்த்தால் மாவு 1,250 கிராம் வந்தது. ஆக 100 கிராம் மாவில் ஏறத்தாழ 30 கிராம் மாவுச்சத்து. சமையல் தராசில் கல்லுக்குப் போகும் ஒரு கரண்டி மாவை நிறுத்தேன்: 75 கிராம். ஒரு தோசைக்கு 22 கிராம் மாவுச்சத்து. இட்லித் தட்டில் ஒரு குழிக்கு 40 கிராம் மாவு, அப்படியானால் இட்லிக்கு 12. அதுவரை ராத்திரி மூன்று தோசை, காலையில் ஐந்து இட்லி. இரண்டுமே அறுபது கிராம் பக்கம் வந்தது அப்போதுதான் தெரிந்தது. சோறு இன்னும் சுலபம்: 50 கிராம் அரிசி வெந்தால் 150 கிராம் அளவுக்குச் சோறு, அதில் 40 கிராம் மாவுச்சத்து. ஒரு வாரம் நிறுத்துப் போட்டால் போதும், பிறகு கண்ணே சொல்லிவிடும்.

வைத்துக்கொண்ட அளவு வேளைக்கு 35 முதல் 45 கிராம் வரை. இதற்குக் கீழே இழுக்க முயலவில்லை. இழுத்தால் பத்து நாளில் அலுப்புத் தட்டும். போதாக்குறைக்கு மாத்திரையில் டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் வகை இருந்தால், மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவது கீட்டோ அமிலம் ஏறும் ஆபத்தில் கொண்டுபோய் விடும். அப்போது மீட்டரில் சர்க்கரை சாதாரணமாகவே காட்டும். வாந்தி, வயிற்றுவலி, மேல்மூச்சு வாங்குவதுதான் அடையாளம்.

குறைத்த இடத்தில் வயிற்றை நிரப்பியது பொரியல், முட்டை, சுண்டல், மீன். வரிசையும் முக்கியம்: பொரியலும் முட்டையும் முதலில், தோசை கடைசியில். வழக்கமாக நாம் செய்வது நேர் எதிர். வயிறு காலியாக இருக்கும்போது மாவு மட்டும் போனால் வேகமாகக் குடலுக்கு இறங்கிவிடும். நாரும் புரதமும் முன்னால் போனால் வேகம் குறையும்.

சிறுதானியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 100 கிராம் கேழ்வரகு மாவில் 70 கிராம் பக்கம் மாவுச்சத்து இருக்கிறது, அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அதையும் நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் மெல்லும் வேலைகூட இல்லாமல் உள்ளே போகிறது. கஞ்சி குடித்த நாள் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை அளவு, அதே மாவுச்சத்து உள்ள இட்லியைவிடக் கூடுதலாகத்தான் எனக்கு வந்தது. களியாகக் கீரைக் குழம்போடு தின்றால் பரவாயில்லை. கேழ்வரகைக் குறை சொல்லவில்லை, அளவில்லாமல் குடிக்கலாம் என்று சொல்பவர்களைத்தான் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிரான வலை ஒன்றும் உண்டு. சோற்றைக் குறைத்துவிட்டு வேர்க்கடலையும் தேங்காய்ச் சட்னியும் பனீரும் கணக்கில்லாமல் போனால் மீட்டர் அழகாகக் காட்டும், தராசு அசையாது. ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம், 170 கலோரி. நான்காம், ஐந்தாம் வாரங்களில் எனக்கு நடந்தது இதுதான்: சாப்பிட்டபின் சர்க்கரை 140-க்குள், எடை 79-லேயே நின்றது. சரிசெய்தது எண்ணெயில். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வாங்கும்போதே அளந்துவிட்டோம், மூன்று பேருக்கு ஒன்றரை லிட்டர். கரண்டியில் அளப்பதைவிட இது ஏமாற்றாது.

இனி நடை. சாப்பிட்டபின் சர்க்கரை உச்சிக்குப் போவது பொதுவாக முதல் கவளத்திலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்குள். உச்சிக்குப் போகும் முன்னேயே தசை வேலை செய்யத் தொடங்கினால், ரத்தத்தில் வரும் குளுக்கோஸை அது இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே இழுத்துக்கொள்ளும். அதனால் சாப்பிட்டு முடித்துப் பதினைந்து, இருபது நிமிடத்தில் கிளம்பினேன். ஒரே இரவு உணவை இரண்டு நாள் சாப்பிட்டுச் சோதித்தேன்: இரண்டு தோசை, ஒரு கிண்ணம் சாம்பார், பீன்ஸ் பொரியல். நடக்காத நாள் ஒரு மணி நேரத்தில் 204, இரண்டு மணி நேரத்தில் 178. கால் மணி நேரம் தெருவில் நடந்த நாள் 171, 158. இரண்டு நாளை வைத்து உலகத்துக்குச் சட்டம் சொல்ல முடியாது. மீட்டரே பதினைந்து சதவீதம் முன்பின் காட்டலாம். ஆனால் நியூசிலாந்தில் 2016-இல் வந்த ஆய்வும் இதே பக்கம்தான் பேசுகிறது: தினம் ஒரே தடவை அரைமணி நேரம் நடப்பதைவிட ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் பத்து நிமிடம் நடந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவாக இருந்தது, அதுவும் இரவில் கூடுதலாக. இரவில்தான் நாம் கடைசியாகவும் கனமாகவும் தின்றுவிட்டு டிவி முன் உட்காருகிறோம்.

வேகம்? பேசிக்கொண்டே நடக்க முடியவேண்டும், பாட முடியக்கூடாது. நிறைந்த வயிற்றோடு ஓடுவது, மாடி ஏறி இறங்குவது எல்லாம் வேண்டாம். இதயத் தொந்தரவு உள்ளவர்களுக்கு அதுவே நெஞ்சுவலியைக் கிளப்பும். மழைநாளில் வீட்டுக்குள்ளேயே கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்தாலும் அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. கால் மரத்துப்போகிறவர்கள் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. திரும்பி வந்ததும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். தசை கரையாமல் இருக்க வாரம் இரண்டு நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும் சுவரைத் தள்ளுவதும் செய்தேன், மாலைச் சிற்றுண்டிக்கு ஒரு மணி நேரம் கழித்து. கண்ணின் விழித்திரையில் கசிவு இருப்பதாகச் சொல்லியிருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை தூக்கக் கூடாது.

தப்பு நடந்தது இரண்டாம் வாரம். காலை இட்லியை ஐந்திலிருந்து மூன்றாக்கிவிட்டேன், மாத்திரை அப்படியே. பதினோரு மணிக்கு நாற்பது நிமிடம் வேக நடை. திரும்பும்போது கை நடுக்கம், வேர்வை, கண் கூசியது. மீட்டரில் 62. கிளிமிபிரைட், கிளிக்ளாசைடு போன்றவை சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்பவை. மாவுச்சத்து குறைந்ததும் அதே மாத்திரை கூடுதல் மாத்திரை ஆகிவிடுகிறது, அதன்மேல் நடை வேறு. இன்சுலின் ஊசிக்கும் இதே கதை. மெட்ஃபார்மின் மட்டும் போடுபவர்களுக்கு இப்படி இறங்குவது அரிது. முன்னெச்சரிக்கை வந்திருந்தது, நான்தான் கவனிக்கவில்லை: அதற்கு முந்தின மூன்று நாளும் மதியச் சாப்பாட்டுக்கு முன் 80-ஐ ஒட்டியே இருந்தது. மருத்துவரிடம் போனதும் கிளிமிபிரைடை நிறுத்தினார். உணவைக் குறைக்கும் முன் போயிருக்க வேண்டும்.

70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து திரும்பப் பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் இன்னொரு முறை. இதில் ஒரு சூட்சுமம்: மாத்திரை அட்டையில் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் என்ற பெயர் இருந்தால் வீட்டுச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது, ஏனென்றால் சர்க்கரையை உடைக்கும் நொதியைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். கூட்டு மாத்திரைகளில் வோக்லிபோஸ் சத்தமில்லாமல் சேர்ந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படியுங்கள். கிளிமிபிரைட் வகை மாத்திரையோ இன்சுலினோ போடுபவர்கள் நடைக்கு முன் மீட்டரில் 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 250-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று உடற்பயிற்சி இல்லை, கீட்டோன் பார்க்க வேண்டும். சோதிக்கும் முன் கையைக் கழுவித் துடைப்பது சடங்கு அல்ல; மாம்பழம் நறுக்கிய விரல் 40, 50 கூட்டிக் காட்டிவிடும்.

கடைசிவரை அடம்பிடித்தது வெறும் வயிற்று அளவு. சாப்பிட்டபின் உள்ளவை எல்லாம் இறங்கியபின்னும் அது 118-லேயே நின்றது. விடியற்காலையில் உடம்பில் ஏறும் ஹார்மோன்கள் ஈரலிலிருந்து குளுக்கோஸை வெளியே தள்ளுகின்றன. வெறும் வயிற்றில் வேகமாக நடந்துவிட்டு வந்து பார்த்தால் 131 என்று கூடியிருக்கும். நடை கெடுதல் செய்ததாகப் பலர் பயப்படுவது இங்கேதான். உடம்பு வேலைக்கு எரிபொருள் எடுத்துக் கொடுத்திருக்கிறது, ஒரு மணி நேரத்தில் தானே இறங்கும். அதனால் வெறும் வயிற்று அளவை எழுந்ததும் நடைக்கு முன்னேயே எடுத்துவிடுவேன், வேக நடையை மாலைக்கு மாற்றிவிட்டேன். எடை 77-ஐத் தாண்டி இறங்கிய பிறகுதான் அந்த 118, வாரத்துக்கு இரண்டு மூன்று புள்ளியாக, 106 வரை வந்தது.