வரைபடத்தில் ஓடை, தரையில் பாறை: ஜவ்வாது மலையில் வீணான ஒரு பகல்

ஜவ்வாது மலையில் தடுப்பணை கட்டத் தகுந்த இடம் என்று குறிக்கப்பட்டிருந்த ஓர் ஓடையை நேரில் பார்த்து வர, நானும் உடன் பணிபுரியும் நண்பரும் சென்ற ஆண்டு புறப்பட்டோம். முதல் பகல் முழுவதும் வீணாயிற்று. இரண்டாம் முறை, அதே வரைபடத்தை வைத்துக்கொண்டே, காலை 10 மணிக்குள் ஓடையில் நின்றோம். இரண்டு பயணங்களுக்கும் நடுவில் மாறியது அதை அச்சிட்ட விதமும், ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகளை நான் படித்த விதமும் மட்டுமே என்பதால், எங்கே தவறு செய்தேன் என்பதை விரிவாக எழுதுகிறேன்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தை இணையத்தில் பதிவிறக்கியதில் சிக்கல் எதுவும் இல்லை. சிக்கல் அச்சுக் கடையில் தொடங்கியது. எங்களுக்கு வேண்டிய பகுதியை ஏ3 தாள் அளவுக்கு வெட்டிக் கொடுத்திருந்தேன். கடையில் அதை ஏ4 தாளில் அடங்கும்படி சுருக்கி, கருப்பு வெள்ளையில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். கோடுகள் தெளிவாகத் தெரிந்ததால் நானும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். அந்தச் சுருக்கமும் நிற இழப்பும் ஒவ்வொன்றும் என்னை ஒரு பிழையைச் செய்ய வைத்தன.

முதலில் சரிவைக் கணக்கிட்டேன். இந்த வரைபடத்தில் அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையே உயர வேறுபாடு 20 மீட்டர். ஒவ்வோர் ஐந்தாவது கோடும் தடித்து, 100 மீட்டருக்கு ஒன்றாக வரும். தாளில் 1 மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். மலைமுகட்டிலிருந்து ஓடைப் பள்ளத்துக்கு இறங்கும் நேர்வழியில், 840 மீட்டர் கோட்டிலிருந்து 740 மீட்டர் கோடு வரை அளந்தபோது 3.5 மில்லிமீட்டர் வந்தது. அதாவது 175 மீட்டர் நடைக்குள் 100 மீட்டர் இறக்கம். ஏறத்தாழ 30 பாகைச் சரிவு. சுமையோடு இறங்க முடியாது என்று அந்த வழியை விட்டுவிட்டேன்.

உண்மையில் அங்கே அவ்வளவு செங்குத்து இல்லை. ஏ3 ஏ4 ஆகும்போது நீளங்கள் 71 விழுக்காடாகக் குறைகின்றன. முழு அளவுத் தாளில் அதே இடைவெளி 5 மில்லிமீட்டர், தரையில் 250 மீட்டர், சரிவு 22 பாகை. கவனமாக இறங்கிவிடக் கூடிய சரிவு அது. அளவுகோல் பட்டை தாளின் கீழ் விளிம்பில் இருந்ததால், நான் வெட்டிய பகுதியில் அது வரவே இல்லை. இருந்திருந்தால் அதுவும் கூடவே சுருங்கி, என்னை எச்சரித்திருக்கும். பட்டை இல்லாவிட்டாலும் சரிபார்க்க ஒரு வழி உண்டு. இந்தத் தாள்களில் 5 கலைக்கு, அதாவது ஒரு பாகையின் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு, ஒன்றாக அட்சக் கோடுகள் செல்கின்றன. நம் ஊர்ப் பக்கத்தில் அடுத்தடுத்த இரண்டுக்கும் இடையே தாளில் ஏறத்தாழ 18.4 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். என் தாளில் அது 13 சென்டிமீட்டர்தான் இருந்தது. ஓர் அடிக்கோலை வைத்திருந்தால் கடை வாசலிலேயே தெரிந்திருக்கும்.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. நேர்வழியை விட்டதும், தெற்கே கோடுகள் வரிசையாக வளைந்து முனை முனையாக நீள்வதைப் பார்த்தேன். அந்த முனைகளின் ஊடே ஒரு மெல்லிய கருங்கோடும் சென்றது. வளைந்த கோடுகள் என்றால் பள்ளத்தாக்கு, நடுவில் செல்வது ஓடை என்று முடிவு செய்துவிட்டேன். அந்தக் கோட்டைப் பின்பற்றி இறங்கத் தொடங்கினோம். முக்கால் மணி நேரம் நடந்தும் இரு பக்கமும் நிலம் உயரவில்லை. மாறாக இரண்டு பக்கமும் விழுந்துகொண்டே போயிற்று. பள்ளத்தில் நடப்பவனுக்கு இரு தோளுக்கும் மேலே மண் தெரிய வேண்டும். எங்களுக்கோ காற்று அடித்தது, தூரத்துச் சமவெளி தெரிந்தது. அப்போதே நின்றிருக்க வேண்டும்.

ஆடு ஓட்டிக்கொண்டு எதிரே வந்த பெரியவர் ஒருவரிடம் ஓடைக்கு வழி கேட்டோம். "இது ஓடை இல்ல தம்பி, மலையோட மூக்கு. இப்படியே போனா பாறையிலதான் போய் நிப்பீங்க" என்றார். அவர் சொன்னதை முழுதாக நம்பாமல் இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்து, அவர் சொன்ன பாறையின் மேலேயே நின்றோம். கீழே ஒரே வீழ்ச்சியாக 15 மீட்டராவது இருக்கும்.

வீட்டில் வண்ணப் பிரதியைத் திரையில் விரித்துப் பார்த்தபோது எல்லாம் விளங்கிற்று. நான் ஓடை என்று எண்ணிய கோடு சிவப்பில் இருந்தது: அது ஒற்றையடிப் பாதை. மலைநீட்சியின் முதுகில் சென்று, பாறைக்கு முன்பே கிழக்கே திரும்பிவிடுகிறது. இந்த வரைபடங்களில் சமஉயரக் கோடு பழுப்பு, பாதை சிவப்பு, நீருள்ள ஓடை நீலம், வறண்ட ஓடை கருப்பு. கருப்பு வெள்ளைப் பிரதியில் நான்கும் ஒன்றாகிவிடுகின்றன.

நிறம் இல்லாமலும் நான் தப்பியிருக்கலாம் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. கோடுகள் முனையாக வளைந்திருப்பது மட்டும் பள்ளத்தாக்கைக் காட்டிவிடாது. மலைநீட்சியிலும் அவை அப்படியே வளையும். முனை எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதே செய்தி. உயரம் கூடும் திசையை முனை நோக்கினால் அது பள்ளத்தாக்கு. குறையும் திசையை நோக்கினால் அது மலைநீட்சி. நான் பார்த்த முனைகள் 820, 800, 780 என்று இறங்கும் பக்கத்தையே நோக்கின. எண்கள் பொறித்த இரண்டு தடித்த கோடுகளை முதலில் கண்டுபிடித்து, எது மேடு எது தாழ்வு என்று பென்சிலால் ஓர் அம்பு போட்டிருந்தால் அந்தப் பகல் மிஞ்சியிருக்கும்.

பாறை ஏன் வரைபடத்தில் தெரியவில்லை என்றால், 20 மீட்டருக்கு ஒரு கோடு என்னும் கணக்கில், இரு கோடுகளுக்கு நடுவே 15 மீட்டர்ச் செங்குத்து ஒன்று ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. அங்கே கோடுகளின் இடைவெளி சீராகத்தான் இருந்தது. இடைவெளி சராசரிச் சரிவைச் சொல்கிறது, ஒவ்வோர் அடியையும் சொல்வதில்லை.

இரண்டாம் முறை முழு அளவு வண்ணப் பிரதியோடு, மூடிய வளையங்களிலிருந்து தொடங்கினேன். முகட்டின் மேல் 860 மீட்டர் வளையங்கள் இரண்டு அருகருகே இருந்தன. இரண்டையும் சேர்த்து 840 மீட்டர்க் கோடு சுற்றி வந்தது. உள்ளே போகப் போக எண் கூடுவதால் இரண்டும் மேடுகள். உட்பக்கம் சிறு பற்கள் இருந்திருந்தால் அவை குழிகள் என்று பொருள். இரண்டு வளையமும் ஒரே எண்ணைக் கொண்டிருந்தாலும் மேடுகள் ஒரே உயரம் என்று சொல்ல முடியாது. ஒன்று 862 ஆகவும் மற்றது 878 ஆகவும் இருக்கலாம். எனக்கு வேண்டியது அவற்றின் நடுவில் இருந்தது. இரு வளையத்துக்கும் வெளியே, 840 கோட்டுக்கு உள்ளே உள்ள அந்த இடம் 840க்கு மேல், 860க்குக் கீழ்: முகட்டைக் கடப்பதற்கான கணவாய்.

வளையங்களை இணைத்து முகட்டுக்கு ஒரு சிவப்புக் கோடும், மேட்டை நோக்கும் முனைகளை இணைத்து ஓடைக்கு ஒரு நீலக் கோடும் இழுத்தேன். நீலக் கோடு அந்தக் கணவாய்க்கு நேர் கீழே, முன்பு நான் செங்குத்து என்று தள்ளிய சரிவின் அடியில் தொடங்கிற்று. கணவாயில் ஏறி நின்றபோது வலமும் இடமும் மேடுகள் எழுந்து நின்றன, முன்னும் பின்னும் நிலம் தாழ்ந்தது. புதர்களைப் பிடித்து, குறுக்கும் நெடுக்குமாக அரை மணி நேரம் இறங்கினோம். இரு தோளுக்கும் மேலே மண் எழுந்த இடத்தில், கற்களுக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.