தகட்டுச் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல்

யாழ்ப்பாணத்துச் சாப்பாட்டுக்கடையில் இரவு ஏழரைக்கும் ஒன்பதுக்கும் இடையில் குசினியை ஆட்டிப் படைப்பது கொத்துரொட்டி போடும் கொத்துக்கல்தான். இரண்டு தகடும் அடிக்கத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவரின் பேச்சே காதில் விழாது. அந்தச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினால் கொத்துப் போடுகிறவருக்குப் பாதிதான் கேட்கும். 'கோழி ரெண்டு' 'கோழி மூண்டு' ஆகும். அதனால் தகடு ஓய்ந்திருக்கும் இடைவெளியில்தான் ஓடர் எழுதின துண்டை வாசிக்க வேண்டும். ஒரு தரம் கொத்தி முடித்துக் கோப்பைகளில் அள்ளும்போது அரை நிமிடமாவது அந்த இடைவெளி கிடைக்கும்.

வாசிப்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும். முதலாளி ஒரு பக்கம், பரிமாறும் பிள்ளை ஒரு பக்கம் என்று ஆளுக்கு ஆள் சொன்னால் கல்லில் நிற்பவர் கடைசியாகக் கேட்டதைத்தான் செய்வார். வாசிப்பவர் சமைக்கவும் கூடாது. அவருடைய கையில் துண்டுகளும் பேனையும் போதும். அவருக்கு வரவேண்டிய பதில் வெறும் 'ஓம்' அல்ல. கேட்காதவரும் ஓம் என்று சொல்லுவார். 'கோழி ரெண்டு, முட்டை ஒண்டு' என்று எண்ணோடு திருப்பிச் சொன்னால்தான் செய்தி போய்ச் சேர்ந்தது என்று எடுக்கலாம்.

ஏழு ஐம்பதுக்கு மூன்று துண்டுகள் கையில் இருக்கின்றன என்று வைப்போம். நாலாம் மேசைக்குக் கோழி இரண்டு, முட்டை ஒன்று. பார்சலுக்குக் கோழி மூன்று, அதில் ஒன்று பிள்ளைக்கு, உறைப்புக் குறைவாக. ஏழாம் மேசைக்கு மரக்கறி இரண்டு. கல்லில் ஒரு தரத்துக்கு நாலு பேருக்கு மேல் போட்டால் சூடு இறங்கும். ரொட்டி வதங்காமல் ஆவியில் அவிந்து களி மாதிரியாகும். ஆக மொத்தம் எட்டையும் மூன்று தரமாகப் பிரிக்க வேண்டும்.

கழுவின கல் கையில் இருக்கையில் மரக்கறி முதலில். பிறகு போடுவதென்றால் கல்லைச் சுரண்டித் தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும், தகடும் மாற்ற வேண்டும். சூடும் போய் இரண்டு மூன்று நிமிடமும் போய்விடும். வெள்ளிக்கிழமையில் மரக்கறிக்குத் தனிக் கல்லும் தனித் தகடும் இருந்தால் நல்லது, அன்றைக்கு வருகிற துண்டில் பாதி அதுதானே. இரண்டாம் தரத்தில் முட்டை ஒன்றும் பிள்ளையின் கோழி ஒன்றும். வெங்காயம், லீக்ஸ், முட்டை, ரொட்டி எல்லாம் பச்சைமிளகாய் இல்லாமல் ஒன்றாகப் பிரட்டி, இரண்டு குவியலாகப் பிரிக்க வேண்டும். முட்டைக் குவியலில் மட்டும் மிளகாயும் ஒரு கரண்டி குழம்பும். மற்றதில் கோழித்துண்டும் அரைக் கரண்டி குழம்பும். முட்டைக் கொத்தைக் கல்லின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தால் மூன்றாம் தரம் வரும்வரை ஆறாது. மூன்றாம் தரம் கோழி நாலு, மேசைக்கு இரண்டும் பார்சலுக்கு இரண்டும். அதற்குள் பார்சல் கட்டுகிறவர் மூன்று பைகளையும் குழம்புப் பைகளையும் எண்ணி வைத்திருக்க வேண்டும். 'உறைப்புக் குறைவு' பையில் பேனையால் ஒரு புள்ளி போட்டுவிட்டால், வீட்டில் திறக்கும் நேரத்தில் குழப்பம் வராது.

பிழை எங்கே வரும் என்றால், பெரும்பாலும் குழம்பில்தான். அவசரத்தில் ரொட்டி சூடேறும் முன்பே குழம்பை ஊற்றிவிட்டால் கொத்து ஈரமாகிக் கல்லில் ஒட்டும், தகட்டின் ஓசையும் 'டக் டக்' இல்லாமல் மொத்தையாகக் கேட்கும். கண்ணால் பார்க்கும் முன்பே காது சொல்லிவிடும். அந்த நேரத்தில் 'ஏன் இப்பிடி?' என்ற கேள்விக்கு வேலை இல்லை. அருகில் போய், 'அண்ணை, குழம்பை நிப்பாட்டுங்கோ. ரெண்டு ரொட்டி போட்டு அகலப் பரத்துங்கோ' என்று சொன்னால் போதும். என்ன செய்ய வேண்டும், எவ்வளவு என்பது அதிலேயே இருக்கிறது. கல் வாசல் பக்கம் இருக்கும் கடைகளில் நாங்கள் திட்டுவதைச் சனமும் கேட்கும். திட்டு வாங்கினவரின் கை அடுத்த தரத்தில் தடுமாறும்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. மரக்கறிக் கொத்தில் இறைச்சித் தகடு பட்டுவிட்டால் திருத்த வழியில்லை. 'அதை ஒதுக்குங்கோ, புதுசாய்ப் போடுங்கோ' என்று சொல்லிவிட்டு, ஏழாம் மேசைக்குத் தாமதம் என்று பரிமாறும் பிள்ளையை உடனே அனுப்ப வேண்டும். துண்டைப் பிழையாக வாசித்தது வாசித்தவர் என்றால், 'என்ர பிழை' என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு எண்ணைத் திரும்ப வாசிப்பதுதான் முறை.

காரணம் பேசும் நேரம் ஒன்பதரைக்குப் பிறகு. அப்போது சுடுதண்ணீர் ஊற்றிக் கல்லைச் சுரண்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு தம்ளர் தேத்தண்ணியோடு, 'குழம்பு ஏன் முந்தி ஊத்தினது?' என்று கேட்டால், 'ரொட்டி வெட்டித் தரப் பிந்தினது, நான் காத்துநிற்கேலாமல் ஊத்தினேன்' என்று பதில் வரும். அப்படியானால் திருத்த வேண்டியது கல்லில் நின்றவரை அல்ல. ஏழு மணிக்கு முன்பே ரொட்டியைச் சுட்டு, ஆறவிட்டு, வெட்டி வைக்கும் ஆளை. சூடாக வெட்டினால் ரொட்டி கட்டியாகும், ஆகவே அவர் ஆறரைக்காவது கல்லில் நிற்க வேண்டும்.