அட்டையிலிருந்து இல்லை, ஆறாவது விக்கெட்டிலிருந்து

ஒரு பையனைப் புத்தகம் படிக்க வைக்கும் முயற்சியில் முதல் வாரம் சொதப்பல். கிரிக்கெட் என்றால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற பதினாலு வயதுப் பையனிடம், ஒரு தடித்த சுயசரிதையை முதல் பக்கத்திலிருந்து படிக்கச் சொன்னதுதான் தப்பு. பிறந்த ஊர், தாத்தா, பள்ளிக்கூடம் என்றே போகிறது. பந்து கைக்கு வரவே நேரமாகிறது. ஒன்பதாம் பக்கத்தில் வைத்த பஸ் டிக்கெட் மூன்று நாளாக அதே பக்கத்தில் இருந்தது.

இரண்டாம் வாரம் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு ஸ்கோர்கார்டை எடுத்தோம். கதை படிக்காத பையனும் அதைத் தடங்கலில்லாமல் படிப்பான். எடுத்தது 1999 ஜனவரி, சேப்பாக்கம், பாகிஸ்தான் டெஸ்ட். நாலாவது இன்னிங்ஸில் இந்தியாவுக்கு இலக்கு 271. விக்கெட் விழுந்த வரிசையை மட்டும் ஒரு தாளில் எழுதி, கீழ்ப்பாதியை மடித்துக் கொடுத்தோம்: 82-க்கு 5, 218-க்கு 6. இன்னும் 53 ரன், கையில் நாலு விக்கெட், சச்சின் களத்தில். "யார் ஜெயிப்பா?" என்றால் யோசிக்காமல் "இந்தியா" என்பான். மடிப்பைப் பிரித்தால் 254-க்கு 7, பிறகு 258-க்கு ஆல் அவுட். கடைசி மூன்று விக்கெட்டுக்கு நாலே ரன். 12 ரன்னில் தோல்வி.

அடுத்து அவனே "ஏன்?" என்று கேட்பான். அந்த மேட்சைப் பற்றிய நாலு பக்கக் கட்டுரையை அப்போதுதான் நீட்ட வேண்டும். 136 ரன் எடுத்த சச்சினுக்கு முதுகுவலி என்பதும், சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கி அடிக்கப் போய் வாசிம் அக்ரமிடம் கேட்ச் கொடுத்ததும் ஸ்கோர்கார்டில் பாதிதான் தெரியும். கேட்ச் இருக்கும், வலி இருக்காது. தோற்ற பிறகும் சேப்பாக்கம் கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கை தட்டியது அதில் எங்கே வரும்?

வீடியோவை முதலில் காட்டிவிட்டால் காரியம் கெட்டது, கட்டுரை பழங்கதையாகிவிடும். படித்த பிறகு காட்டினால், "இந்த ஷாட்தானா அது?" என்று தாளைத் திரும்பப் புரட்டுவான்.

மூன்றாம் வாரம் புத்தகத்துக்கே திரும்பினோம், ஆனால் நடுவிலிருந்து. பொருளடக்கத்தில் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்த மேட்சைத் தேடி, அந்த அத்தியாயம் மட்டும். ஒரு உட்காரலுக்கு ஐந்தாறு பக்கம் போதும். படித்ததும் "என்ன புரிஞ்சுது?" என்று கேட்கக் கூடாது, பரீட்சை வாடை வந்துவிடும். "நீ கேப்டனா இருந்தா அந்த ஓவரை யாருக்குக் கொடுத்திருப்பே?" என்று கேட்டால் வாதாடுவதற்காகவே மறுபடி பார்ப்பான்.

புத்தகம் தேர்ந்தெடுக்க ஒரு சோதனை: ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரியுங்கள். ஒரே பத்தியில் மூன்று ஸ்கோர் இருந்து, ஃபீல்டரை ஏன் அங்கே நிறுத்தினார்கள் என்று ஒரு வரிகூட இல்லையென்றால் திருப்பி வைத்துவிடலாம். பெரிய ஆட்டக்காரர்களின் சுயசரிதைகளிலும் இந்த நோய் உண்டு.

நாலாம் வாரத்துக்கு, 2024-இல் வந்த அஸ்வினின் ஆங்கிலப் புத்தகம். மேற்கு மாம்பலத்துத் தெரு கிரிக்கெட் அதில் வருவதால், இதற்கு மட்டும் முதல் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். பஸ் டிக்கெட் இப்போது 41-இல்.