கரண்டியும் பெர்னூலியும்: வைவாவில் நான் மாட்டிக்கொண்ட இடம்

பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருட வைவா. தேர்வாளர் சிங்க் குழாயைத் திறந்தார். ஒரு கரண்டியின் காம்பை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, அதன் முதுகை நீரோட்டத்தின் ஓரத்தில் மெல்லத் தொடவைத்தார். கரண்டி தள்ளப்படவில்லை, நீருக்குள் இழுபட்டது.

"ஏன்?"

"கோஆண்டா விளைவு சார், தாரை வளைந்த பரப்போடு ஒட்டி ஓடுவது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும், பெர்னூலி."

"நீரைச் சுற்றிக் காற்றுதானே? வெளிப்பக்கத்தில் அழுத்தம் எவ்வளவு?"

"வளிமண்டல அழுத்தம்."

"அப்போ எங்கே குறைஞ்சது?"

எனக்கு வாய் அடைத்துப்போனது. இந்தக் கேள்வி உங்களுக்கும் வரலாம் என்பதால் சொல்கிறேன்: பெர்னூலியில் தொடங்காதீர்கள், வளைவில் தொடங்குங்கள்.

நீர் முதலில் கரண்டியை நனைத்து ஒட்டிக்கொள்கிறது. பிறகு அதன் முதுகோடு வளைந்து ஓடுகிறது. வளைந்து ஓட மையநோக்கு விசை வேண்டும். வெளிப்பக்கம் வளிமண்டல அழுத்தத்தில் இருப்பதால், கரண்டியை ஒட்டிய பக்கத்தில் அழுத்தம் அதைவிடக் குறைந்தால்தான் அந்த விசை கிடைக்கும். குறைவின் அளவு ஏறக்குறைய Δp = ρv²h/r. இதில் ρ நீரின் அடர்த்தி, v அதன் வேகம், h நீர்ப்படலத்தின் தடிமன், r வளைவின் ஆரம்.

எண் போட்டுப் பார்ப்போம். வேகம் நொடிக்கு 1 மீட்டர், தடிமன் 2 மி.மீ., ஆரம் 2 செ.மீ. என்றால் Δp = 100 பாஸ்கல், அதாவது 1 செ.மீ. நீர்மட்ட அழுத்தம். நிமிடத்துக்கு 3 லிட்டர், அதாவது நொடிக்கு 0.05 கிலோ நீர் 30 பாகை திரும்பினால், உந்தமாற்றக் கணக்கில் பக்கவாட்டு விசை 0.05 × 1 × sin 30° = 0.025 நியூட்டன், சுமார் இரண்டரை கிராம் எடை. நீரைக் கரண்டி ஒரு பக்கம் இழுக்க, நீர் கரண்டியை மறுபக்கம் இழுக்கிறது. தொங்கும் கரண்டியை அசைக்க அது போதும்.

பெயரிலும் கவனம் தேவை. ருமேனியப் பொறியாளர் ஹென்றி கோஆண்டா பெயரில் உள்ள விளைவு, கறாராகச் சொன்னால், காற்றுக்குள் பாயும் காற்றுத்தாரை போல ஒரே பாய்மத்துக்குள் நடப்பது. தாரை சுற்றியுள்ள பாய்மத்தையும் இழுத்துக்கொண்டு போவதால், சுவர்ப்பக்கம் அழுத்தம் குறைகிறது. காற்றில் விழும் நீர்த்தாரையில் ஒட்டலைத் தொடங்கிவைப்பது பரப்பு இழுவிசையும் நனைதலும். எல்லோரும் இதையும் கோஆண்டா என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் இந்த வேறுபாட்டைச் சொன்னால் தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

"சரி, டீபாட் மூக்கில் மெதுவாக ஊற்றினால்தானே வழிகிறது, ஏன்?" என்று அடுத்து கேட்டார். தேவையான மையநோக்கு விசையும் v²-ஐப் பொறுத்தது, மேலே கண்ட அழுத்தக் குறைவும் v²-ஐப் பொறுத்தது. ஆகவே வேகத்தைப் பொறுத்து முடிவு மாறுவதற்கு அந்தக் கணக்கு மட்டும் போதாது. அங்கே நனைதல் நுழைகிறது: மெதுவான ஓட்டத்தை விளிம்போடு பிடித்துவைக்கும் ஒட்டல், வேகமான ஓட்டத்திடம் தோற்றுவிடுகிறது. நீரை ஒட்டவிடாத பூச்சு இருந்தால் வழிதல் நின்றுவிடும் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2010-ல் காட்டினார்கள். மூக்கின் அடியில் வெண்ணெய் தடவும் வீட்டு வித்தைக்கும் இதே காரணம்தான். மூக்கின் விளிம்பு மெலிதாக இருந்தாலும் நீர் சுற்றித் திரும்ப முடியாமல் பிரிந்துவிடும்.

இதில் பாதியைத்தான் அன்று சொன்னேன். வெண்ணெய் விஷயம் வீட்டுக்கு வந்து ஊற்றிப் பார்த்தபோதுதான் புரிந்தது.