எழுத்து பர்மா எழுத்து, மொழி வேறு

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் உள்ள பழம்பொருள் கடை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். செட்டிநாட்டு வீடுகளில் பங்கு பிரிக்கும்போதும், பழைய கட்டடத்தை இறக்கும்போதும் வெளியே வரும் சாமான்கள் எங்களிடம் வந்து சேரும். நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை, சைகோன் என்று கொண்டுவிற்கப் போனவர்கள் ஆதலால், அந்தச் சாமான்களில் தமிழல்லாத எழுத்து ஏதேனும் ஒன்று இருப்பது வழக்கம். அதைப் பார்ப்பவர் கேட்கும் முதல் கேள்வி, "இது என்ன பாஷை?" என்பதுதான். அந்த ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்பதை நான் ஓர் ஏட்டில் தவறு செய்த பிறகே கற்றுக்கொண்டேன்.

தேவகோட்டைப் பக்கத்து வீடு ஒன்றின் பெட்டகத்திலிருந்து அந்த ஏடு வந்தது. இருபத்தோரு அங்குல நீளம், நாலரை அங்குல அகலம். அரக்குப் பூசிய தகட்டில் சிவப்பும் பொன்னுமாக மெல்லிய கொடிவேலை ஓட, அதன்மேல் கெட்டியான கறுப்பு அரக்கில் ஆறு வரி எழுத்து இருந்தது. எழுத்துகள் தடித்தும் சதுரமாகவும் இருந்ததால், பார்த்தவர்கள் ஆளுக்கொரு மொழி சொன்னார்கள். நான் அதைக் கடையில் இருந்த மற்றொரு பர்மா அரக்குப் பாத்திரத்தின் எழுத்தோடு ஒப்பிட்டேன். பாத்திரத்தில் வட்டமாக இருந்த அதே வடிவங்கள்தாம் ஏட்டில் மூலை கட்டி நின்றன. ஓர் எழுத்தை இடப்புறமிருந்து சட்டம்போல் வளைத்துச் சூழும் குறி இரண்டிலும் இருந்தது. சிங்கள எழுத்தும் உருண்டைதான் என்றாலும், அதில் அப்படிச் சூழும் குறி கிடையாது. ஆகவே சந்தேகமின்றி "பர்மிய மொழி ஏடு" என்று சீட்டு எழுதிக் கட்டிவிட்டேன்.

வாங்க வந்தவர் நல்ல விலை சொன்னார். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்த பிறகே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். 1960களில் பர்மாவிலிருந்து குடும்பத்தோடு திரும்பிய முதியவர் ஒருவர் அருகில் இருந்தார். சிறுவயதில் அங்கே பர்மியப் பள்ளியில் படித்தவர். அவரைக் கடைக்கு அழைத்துவந்து, ஏட்டை வெளிச்சத்துக்குச் சற்றுச் சாய்த்துப் பிடித்துக் காட்டினேன். அவர் விரலைத் தொடாமல் வரியின்மேல் நகர்த்தி, எழுத்துக் கூட்டி வாசித்தார். "துணாது மே பந்தே தங்கோ" என்று வாசித்தவர், அதே வரியை மறுபடியும் ஒரு முறை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுத்தெல்லாம் தெரியுது தம்பி. ஒரு வார்த்தைகூடப் புரியல. இது நாங்க பேசுற பர்மா பேச்சு இல்ல. போங்கிமார் கியாங்கில ஓதுவாங்களே, அந்த மாதிரி இருக்கு" என்றார். போங்கி என்றால் பிக்கு. கியாங் என்றால் மடம்.

அவர் சொன்னது சரி. அது பாலி மொழி. பர்மியர் வாயில் ஸகர எழுத்து நாக்கைப் பல்லில் வைத்துச் சொல்லும் தகரம்போல் ஒலிக்கும். அந்த ஒலியை ஸகரமாக மாற்றிக்கொண்டால், அவர் வாசித்தது "ஸுணாது மே பந்தே ஸங்கோ", அதாவது "பெரியீர், சங்கம் என் சொல்லைக் கேட்கட்டும்" என்பது. பிக்குகளின் சபையில் தீர்மானம் முன்வைக்கும்போது சொல்லும் வாசகம் அது. புதிதாகத் துறவு ஏற்பவரைச் சேர்த்துக்கொள்ளும் சடங்குக்கான இத்தகைய ஏட்டுக்குக் கம்மவாசா என்று பெயர். தீர்மானத்தை மூன்று முறை அறிவிப்பது முறை ஆதலால், "துதியம்பி", "ததியம்பி" என்று, அதாவது இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும், அதே வாசகம் திரும்பத் திரும்ப வரும். அந்தச் சதுர எழுத்தைப் பர்மியர் புளியங்கொட்டை எழுத்து என்றே சொல்கிறார்கள். தடித்து, பளபளத்து, மூலை மழுங்கி இருக்கும் அதன் தோற்றத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

இதில் நமக்குப் புதுமை எதுவும் இல்லை. தியாகராஜர் கீர்த்தனைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தை வைத்துத்தான் இங்கே பலரும் பாடுகிறார்கள். எழுத்து தமிழ், மொழி தெலுங்கு. அந்தப் புத்தகத்தின் ஒரு கிழிசலைப் பார்த்து அயலான் ஒருவன் "இது தமிழ் மொழி" என்று சொன்னால், அவன் செய்த தவறும் நான் சீட்டில் எழுதிய தவறும் ஒன்றே. பாலிக்கென்று தனி எழுத்தே கிடையாது. இலங்கையில் சிங்கள எழுத்திலும், பர்மாவில் பர்மிய எழுத்திலும், சயாமில் அந்நாட்டு எழுத்துகளிலும் அதை எழுதினார்கள்.

பர்மிய மொழியோ பாலியோ என்பதை, வாசிக்கத் தெரியாதவரும் கண்ணால் ஓரளவு பிரித்துவிடலாம். பர்மிய மொழியில் தொனி மாறினால் பொருள் மாறும். அதனால் எழுத்தின் வலப்பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு புள்ளிகளும், எழுத்தின் அடியில் ஒற்றைப் புள்ளியும் அடிக்கடி வரும். பாலிக்குத் தொனி இல்லை. அந்தக் குறிகளும் அதில் இல்லை. அடுத்ததாக, பர்மியச் சொற்களில் பெரும்பாலான ஒற்றெழுத்துகளின் தலையில் ஒரு சிறு கொக்கி இருக்கும். நம் மெய்யெழுத்தின் புள்ளி செய்யும் வேலையை அது செய்கிறது. பாலியிலோ க்க, த்த, ம்ம என்று வருமிடங்களில் ஓர் எழுத்தின் காலடியில் மற்றோர் எழுத்தை அடுக்கிவிடுவார்கள். கிரந்தக் கூட்டெழுத்துப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். மேலே ஒற்றைப் புள்ளி மட்டும் பாலியில் ஏராளமாக வரும். அது அம் என்னும் ஒலிக்கானது. நம் ஏட்டின் ஆறு வரிகளில் அடிப்புள்ளியையும் இரட்டைப் புள்ளியையும் தேடினேன். ஒன்றுகூட இல்லை. முதல் நாளே அப்படித் தேடியிருக்கலாம்.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு முழு வரியாவது வேண்டும். பர்மிய மொழி பாலியிலிருந்து புத்த, தம்ம போன்ற சொற்களை அடுக்கெழுத்தோடு அப்படியே எடுத்துக்கொண்டிருப்பதால், கிண்ணத்தின் விளிம்பில் ஒரே ஒரு சொல் இருந்தால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. காணிக்கைப் பாத்திரங்களில் கொடுத்தவர் பெயரும் ஆண்டும் இருந்தால் அது பெரும்பாலும் பர்மிய மொழிதான். அந்த ஆண்டோடு 638 கூட்டினால் நம் ஆங்கில ஆண்டு கிடைக்கும். அங்கும் கவனம் வேண்டும். பர்மியச் சுழியும் வகர எழுத்தும் ஒரே வட்டம். ஆகவே வட்டத்தைக் கண்டவுடன் எண் என்று எடுத்துக்கொள்ளாமல், பக்கத்தில் நிற்பவை எண்கள்தாமா என்று பார்ப்பேன்.

மலாயாவிலிருந்து வரும் பத்திரங்களிலும் இதே நிலைதான். அரபு எழுத்தைக் கண்டவுடன் அரபு மொழி என்றுதான் பலரும் சொல்கிறார்கள். ஃபகரத்தின் மேலே மூன்று புள்ளியிட்டுப் பகரமாக்கியிருந்தால் அது மலாய் மொழியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பல் என்பதில் வரும் பகர ஒலி அரபு மொழியில் இல்லை.

வாங்க வந்தவரிடம் என் தவறைச் சொல்லி, பழைய சீட்டைக் கிழித்துவிட்டு, "எழுத்து: பர்மியம், சதுர வடிவம். மொழி: பாலி. கம்மவாசா ஏடு ஒன்று, மற்ற ஏடுகள் இல்லை" என்று புதிதாக எழுதிக் கட்டினேன். அவர் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து எங்கள் கடைச் சீட்டில் எழுத்துக்கு ஒரு வரி, மொழிக்கு ஒரு வரி. மொழி வரி சில சீட்டுகளில் மாதக்கணக்கில் வெறுமையாகவே தொங்கும். வாசிக்கத் தெரிந்தவர் வரும்வரை அதை நான் நிரப்புவதில்லை.