தேனியைத் தட்டினால் மதுரை ஏன் மாற வேண்டும்?

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளி மொத்த வியாபாரிக்கு நாங்கள் பவர் பிஐ மென்பொருளில் ரிப்போர்ட் செய்து கொடுத்திருந்தோம். மதுரை, தேனி, திண்டுக்கல், விருதுநகர், உசிலம்பட்டி என்று ஐந்து கிளைகள், வருஷத்துக்குச் சுமார் 10 கோடி விற்பனை. ரிப்போர்ட் பக்கத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. கிளைவாரி விற்பனைக்கு ஒரு பார் சார்ட், மாதவாரி லாப சதவீதத்துக்குப் பார்கள் செங்குத்தாக நிற்கும் ஒரு காலம் சார்ட், ரகவாரி ஒரு டேபிள், மேலே மாவட்டம் தேர்வு செய்ய ஒரு ஸ்லைசர், அதற்குப் பக்கத்தில் இரண்டு கார்டுகள்: மொத்த விற்பனை, இலக்கில் எட்டியது எத்தனை சதவீதம். மொத்தம் ஆறு விஷுவல். இந்த ஆறை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டைத்தான் எழுதப் போகிறேன்.

சித்திரைத் திருவிழாவுக்குக் கொள்முதல் முடிவு செய்யும் கூட்டம். கடை மாடியில் டிவியில் ரிப்போர்ட்டைப் போட்டுவிட்டு நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். முதலாளியே மவுஸைக் கையில் வாங்கிக்கொண்டார். தேனிக் கிளையைப் பற்றி ஏதோ பேச்சு வந்தது, தேனி பாரைத் தட்டினார், பேச்சு வேறெங்கோ போய்விட்டது. பத்து நிமிஷம் கழித்து டிவியைக் காட்டி, "இலக்கைத் தாண்டியாச்சு, 104 சதவீதம், அப்ப போன வருஷத்தைவிடக் கூடவே எடுத்துப் போடலாம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கணக்குப்பிள்ளை மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "தம்பி, நேத்து ராத்திரி நீங்க அனுப்புன தாள்ல 91னு இருந்துச்சே?" என்றார்.

91 தான் சரி. இலக்கு 11 கோடி, விற்றது 10 கோடி. 104 என்பது தேனி மட்டும்: இலக்கு 1.83 கோடி, விற்றது 1.90 கோடி. பாரைத் தட்டியதும் கார்டு சத்தமில்லாமல் தேனிக்கு மாறிவிட்டது. மற்ற நான்கு பார்களும் வெளிறிப் போயிருந்தன, ஆனால் வெளிச்சமான அறையில் எட்டடி தூரத்திலிருந்து டிவியைப் பார்ப்பவருக்கு அது எங்கே தெரியும். மொத்த விற்பனைக் கார்டில் 1.90 என்று இருந்ததை யாராவது கவனித்திருந்தால் உடனே பிடிபட்டிருக்கும், பத்து கோடி ரெண்டு கோடியானால் யாருக்கும் உறைக்கும். சதவீதம் அப்படி இல்லை. 91ம் 104ம் இரண்டுமே நம்பக்கூடிய எண்கள்தான். அதுதான் ஆபத்து என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

தேனி பாரை மறுபடி ஒருமுறை தட்டினேன், தேர்வு போய் 91 திரும்பி வந்தது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையை விட்டுவிடுகிறேன்.

இது பவர் பிஐயின் பிழை இல்லை, அது பிறவியிலேயே அப்படித்தான். ஒரு பக்கத்தில் இருக்கும் விஷுவல்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பார், காலம் வகைகள் ஹைலைட் ஆகும், அதாவது முழுப் பாரும் வெளிறி நிற்க, தேர்ந்தெடுத்த பங்கு மட்டும் அழுத்தமாகத் தெரியும். கார்டு, லைன் சார்ட் போன்றவற்றில் ஹைலைட் செய்ய வழியில்லை, அதனால் அவை நேரடியாக ஃபில்டர் ஆகிவிடும். ஒரே கிளிக்குக்கு ஒரு சார்ட் வெளிறும், இன்னொன்று எண்ணையே மாற்றிக்கொள்ளும்.

அன்று சாயங்காலம் ஆபீசுக்கு வந்து திருத்த உட்கார்ந்தேன். வழி சின்னதுதான். பவர் பிஐ டெஸ்க்டாப்பில் முதலில் கிளைவாரி பார் சார்ட்டைத் தேர்ந்தெடுத்து, மேலே `Format` டேப்பில் `Edit interactions` என்பதை அழுத்த வேண்டும். உடனே மற்ற விஷுவல்களின் மூலையில் சின்னச் சின்ன ஐகான்கள் முளைக்கும்: ஃபில்டர், ஹைலைட், ஒரு வட்டத்தில் குறுக்குக்கோடு போட்டது. கடைசி ஐகான்தான் `None`. இலக்குக் கார்டிலும் மொத்தக் கார்டிலும் அதை அழுத்தினேன். முடிந்ததும் `Edit interactions` மறுபடி அழுத்தி மூட வேண்டும், இல்லையென்றால் ஐகான்கள் கண்ணை உறுத்திக்கொண்டே நிற்கும்.

இதில் நான் சறுக்கிய இடம் திசை. ரகவாரி டேபிளில் ஒரு வரியைத் தட்டினால் மாதவாரி சார்ட் மாறக்கூடாது என்று நினைத்து, மாதவாரி சார்ட்டைத் தேர்ந்தெடுத்து டேபிளின் மேல் `None` போட்டுவிட்டேன். அது தலைகீழ். தேர்ந்தெடுத்தது தட்டப்படும் விஷுவல், ஐகான் தெரிவது பாதிக்கப்படும் விஷுவல். ஒருபக்கம் நிறுத்தினால் மறுபக்கம் தானாக நிற்காது, ஒருவழிப்பாதை மாதிரி, ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி போர்டு வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் தட்டக்கூடியவை நான்கு: பார், காலம், டேபிள், ஸ்லைசர். ஒவ்வொன்றும் மற்ற ஐந்தைப் பாதிக்கலாம், ஆக இருபது அம்புகள். மனசில் வைத்துக்கொள்ள முடியாது என்று ஒரு தாளில் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஃபில்டர், ஹைலைட், நிறுத்து என்று எழுதினேன். பிறகு ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். தட்டிப் பார்க்காமல் இதைச் சரிபார்க்க எனக்கு வேறு வழி தெரிந்ததில்லை.

ஸ்லைசரை மட்டும் தொடவில்லை. அதில் மதுரை மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் மதுரை, உசிலம்பட்டி இரண்டும் சேர்ந்து 5 கோடி என்று கார்டு காட்டத்தான் வேண்டும், அது தெரிந்தே எடுத்த தேர்வு. பார் சார்ட்டிலிருந்து வரும் அம்பை வெட்டினாலும் ஸ்லைசரிலிருந்து வரும் அம்பு அப்படியே இருக்கும். வலதுபக்க ஃபில்டர் பலகையில் போடுவதும் இதற்குக் கட்டுப்படாது. கார்டை எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றிவிட்டதாக நினைத்தால் அது தப்பு.

லாப சதவீத சார்ட் இன்னொரு வேடிக்கை செய்தது. தேனி பாரைத் தட்டினால் ஒரு மாதத்தில் அழுத்தமான பார் வெளிறிய பாரைத் தாண்டி மேலே போயிருந்தது. நான் முதலில் டேட்டாவில் ஏதோ இரட்டிப்பாகிவிட்டது என்று அரைமணி நேரம் தேடினேன். ஒன்றுமில்லை. மொத்தக் கடையின் லாபம் அந்த மாதம் 14 சதவீதம், தேனியின் லாபம் 19. விற்பனைத் தொகை என்றால் பகுதி முழுசைவிடச் சின்னதாகத்தான் இருக்கும், சதவீதத்தில் பகுதி முழுசைத் தாண்டலாம். ஹைலைட் என்பது "முழுசில் இவ்வளவு" என்று காட்டுகிற வடிவம், விகிதத்துக்கு அது பொருந்தாது. அதனால் அந்த அம்பில் ஹைலைட்டை எடுத்துவிட்டு ஃபில்டர் வைத்தேன், தேனியைத் தட்டினால் தேனியின் மாதவாரி லாபம் மட்டும் முழு உயரத்தில் வரும். சராசரி, சதவீதம் எது இருந்தாலும் இப்போது ஹைலைட் வைப்பதே இல்லை.

எல்லாம் சரி என்று அனுப்பினேன். இரண்டு நாளில் முதலாளியிடமிருந்து போன். "தம்பி, தேனியைத் தட்டினா மொத்தத்துல தேனி எத்தனை சதவீதம்னு ஒரு கார்டுல வரணும்." நியாயமான கேள்வி. ஆனால் `None` இங்கே உதவாது. அம்பை வெட்டினால் கார்டுக்குத் தேனி என்ற சேதியே போகாது, வெட்டாமல் விட்டால் வகுக்கப்படும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இரண்டுமே தேனி ஆகிவிடும். பாதி அம்பு வேண்டும். அது மெஷரில், அதாவது கார்டு காட்டும் எண்ணைக் கணக்கிடும் சூத்திரத்தில்தான் எழுத முடியும்.

நான் முதலில் பழக்கதோஷத்தில் வகுக்கும் எண்ணில் `ALLSELECTED` போட்டேன். எந்தக் கிளையைத் தட்டினாலும் 100 சதவீதம் என்றே வந்தது. அது விஷுவலுக்கு வெளியிலிருந்து வரும் ஃபில்டரை மதித்து வைத்துக்கொள்ளும், பக்கத்து சார்ட்டில் நாம் தட்டியதும் வெளியிலிருந்து வருவதுதானே. அப்புறம் இப்படி மாற்றினேன்:

```
Branch Share % =
DIVIDE(
    [Sales],
    CALCULATE([Sales], REMOVEFILTERS(Branch[Branch]))
)
```

இப்போது தேனிக்கு 19 சதவீதம், அதாவது 10 கோடியில் 1.90. கிளையின் பெயர் இருக்கும் காலமில் மட்டும் ஃபில்டரை நீக்குவதால் மாவட்ட ஸ்லைசர் அப்படியே வேலை செய்கிறது. மதுரை மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்து உசிலம்பட்டியைத் தட்டினால் 5 கோடியில் 1 கோடி, 20 சதவீதம். ஸ்லைசரை எடுத்துவிட்டால் அதே உசிலம்பட்டி 10 சதவீதம். இந்த இரண்டு எண்ணையும் கணக்குப்பிள்ளையிடம் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார். இந்தக் கார்டுக்குப் போகும் அம்பு ஃபில்டரிலேயே இருக்க வேண்டும் என்று தாளில் குறித்தும் வைத்தேன், வேறு யாராவது "கார்டு எல்லாமே நிறுத்து" என்று சேர்த்து நிறுத்திவிடக்கூடாது.

ஒரு மாதம் கழித்து எங்கள் ஆபீஸ் தம்பி ஒருவன் ரகவாரி ஒரு புது பார் சார்ட்டை அதே பக்கத்தில் சேர்த்தான். புதிதாக வரும் விஷுவலுக்கு நாம் போட்ட வேலி எதுவும் தெரியாது, அது எல்லோரையும் தொடும் பழைய குணத்தோடுதான் வரும். இலக்குக் கார்டு மறுபடி ஆடியது, நல்லவேளை இந்தத் தடவை கூட்டத்துக்கு முன்னாலேயே பிடித்துவிட்டோம். கடையில் பார்ப்பவர்களால் இதைச் சரிசெய்ய முடியாது, ரிப்போர்ட்டைத் திருத்தும் உரிமை உள்ளவர்தான் மாற்ற முடியும். அந்தத் தாளில் இன்னொரு வரிசையும் இன்னொரு பத்தியும் சேர்த்தோம்.

கடைசியாக ஒன்று. கார்டு அசையாமல் நிற்பதைப் பார்த்து, போன வாரம் முதலாளி, "இது உறைஞ்சு போச்சா தம்பி, எதைத் தட்டினாலும் நகர மாட்டேங்குது" என்றார். நான் நிறுத்தி வைத்தது அவருக்குப் பழுதாகத் தெரிந்தது. கார்டின் தலைப்பை "எல்லாக் கிளைகளும் சேர்த்து" என்று மாற்றினேன். ஒரே நாளில் கணக்குப்பிள்ளை மடக்கினார்: ஸ்லைசரில் மதுரையைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு கிளைதானே, எல்லாம் எங்கே? அதனால் இப்போது தலைப்பையும் ஒரு மெஷரில் எழுதியிருக்கிறேன். ஒரு மாவட்டம் தேர்வாகியிருந்தால் அதன் பெயர் வரும், இல்லையென்றால் "எல்லா மாவட்டமும்" என்று வரும். அவர் இரண்டு மாவட்டத்தைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்துப் பார்க்கும் நாளுக்காகக் காத்திருக்கிறேன்.