பூசத்தன்று நேர்காணல்

22.1.2025, புதன், சுங்கை சிப்புட்

அண்ணன் மகள் பாப்பா சாயங்காலம் கைப்பேசியோடு ஓடி வந்தாள். மலாக்கா, ஆயர் குரோவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலை; தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நேர்காணல் பிப்ரவரி 11, செவ்வாய், காலை 10 மணி. வருவதை வெள்ளிக்கிழமைக்குள் உறுதி செய்ய வேண்டும்.

பிப்ரவரி 11 தைப்பூசம். அண்ணனுக்குக் காவடி, இவளுக்குப் பால்குடம். ஈப்போவில் புந்தோங் மாரியம்மன் கோயிலிலிருந்து கல்லுமலை முருகன் கோயிலுக்கு நடை. வீடே விரதத்தில் இருக்கிறது.

"பூசத்தன்னிக்கு எவன் லா இண்டர்வியூ வைப்பான்?" என்று அண்ணன் கத்தினார். வைப்பார்கள். பேராக்கில் அன்று மாநில விடுமுறை, மலாக்காவில் இல்லை. அங்கே அது சாதாரண வேலை நாள். நாட்காட்டியில் காலியாகத் தெரிந்த செவ்வாய்க்கிழமையைக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையின் ஆள்சேர்ப்புப் பிரிவில் நானும் இதே வேலையைப் பார்த்தவள். பெயர்ப் பட்டியலைப் பார்த்து யாருக்கு என்ன பண்டிகை என்று எந்தக் கிராணியும் யோசிப்பதில்லை.

"காய்ச்சல்னு சொல்லிட்டா?" என்றார் அண்ணன். மூன்று வாரம் கழித்து வரப்போகும் காய்ச்சலை இன்றைக்கே எப்படிச் சொல்வது? அன்று காலை சொன்னால், மூன்று அதிகாரிகள் அறையில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். பண்டிகைக்கு இருக்கிற ஒரே வசதி, அது முன்கூட்டியே தெரியும் என்பதுதான். அதைக் கெடுத்துக்கொள்வானேன்?

23.1.2025, வியாழன்

பாப்பா எழுதி வைத்திருந்ததைப் படித்தேன். மூன்று மன்னிப்பு, விரதத்தைப் பற்றி ஒரு பத்தி, கடைசியில் "வேறு ஏதாவது ஒரு நாள் தர முடியுமா?" கேட்கிற விதம் பணிவாகத்தான் இருந்தது. ஆனால் இதைப் படிக்கும் கிராணிக்கு எதுவும் கிடைக்காது. எந்த நாள் என்று அவர் திரும்பக் கேட்க வேண்டும், இவள் பதில் சொல்ல வேண்டும், அதற்குள் அதிகாரியின் நேரம் வேறு ஆளுக்குப் போய்விடும். பொறுப்பில்லாதவள் என்ற எண்ணம் வருவது இந்த அலைச்சலால்தான். பண்டிகை என்று சொன்னதால் வருவதில்லை.

இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்ததால் பதிலும் ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"நேர்காணலுக்கு அழைத்ததற்கு நன்றி. இந்தப் பணிக்கான நேர்காணலில் கலந்துகொள்ள விரும்புகிறேன். பிப்ரவரி 11 தைப்பூசம்; நான் வசிக்கும் பேராக்கில் அன்று பொது விடுமுறை. குடும்பத்தோடு கோயில் நேர்த்திக்கடன் இருப்பதால் அன்று மலாக்கா வர இயலாத நிலை. பிப்ரவரி 7 காலை, 13 முழு நாள், 14 காலை ஆகிய நேரங்களில் நேரில் வர முடியும். இவற்றில் ஒன்று உங்களுக்கு வசதிப்படுமா? சான்றிதழ் நகல்களை இப்போதே இணைத்துள்ளேன்."

தைப்பூசம் என்றால் என்ன என்று மலேசியாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பேராக்கில் விடுமுறை என்ற தகவலை மட்டும் சேர்த்தோம். மலாக்காவில் இருப்பவருக்கு அது தோன்றாமல் போகலாம்.

நாட்களைத் தேர்வு செய்யத்தான் நேரம் பிடித்தது. 12ஆம் தேதியைப் பாப்பாதான் முதலில் எழுதினாள். முந்தின நாள் முழுக்கத் தூங்காமல் வெயிலில் நடந்துவிட்டு, அமான்ஜெயா முனையத்தில் பேருந்து பிடித்து, அன்றே போய் உட்கார்ந்தால் பேச்சு வருமா? அடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமைகளில் காலை மட்டும் கேட்டோம். நண்பகலில் தொழுகை இடைவேளை நீளம். அந்த நேரத்தில் அதிகாரிகளை ஒன்று சேர்ப்பது கிராணிக்குத் தலைவலி. அதை நாமே தவிர்த்துக் கொடுத்தால் அவர் கவனிப்பார்.

அவர்கள் அனுப்பிய அதே மின்னஞ்சலுக்கே பதில் போட்டோம், தலைப்பை மாற்றாமல். புதிதாக ஒன்று அனுப்பினால் விண்ணப்ப எண் இல்லாமல் தனியாகக் கிடக்கும்.

அதே நாள், இரவு

ஒரு வாக்கியத்துக்காக வீட்டில் பெரிய பேச்சு. "வசதிப்படாவிட்டால் 11ஆம் தேதியே வருகிறேன்" என்று சேர்க்கலாம் என்றாள் பாப்பா. அம்மாவும் அவள் பக்கம். "கூட்டத்துக்குப் பயந்து முன்னாலேயே பால்குடம் எடுக்கிறவங்க எத்தனை பேரு! முருகன் கோவிச்சுக்க மாட்டாரு" என்றார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வேண்டாம் என்றேன். அந்த வாக்கியம் இருந்தால் கிராணிக்குச் செய்ய வேலையே இல்லை. பழைய தேதியை அப்படியே விட்டுவிடுவார். அவர்கள் முடியாது என்று சொன்ன பிறகு எடுக்க வேண்டிய சீட்டு அது. ஆனால் அதை எடுக்கலாமா கூடாதா என்று வீட்டில் இப்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும். நேர்காணலுக்குத் தேதி மாற்றிக் கேட்பது உரிமை இல்லை, வேண்டுகோள்தான். வேலைச் சட்டம்கூட ஆண்டுக்கு 11 பொது விடுமுறை என்று சொல்லி, அவற்றில் 5 நாட்களைத்தான் பெயர் சொல்லிக் கட்டாயமாக்குகிறது. அந்த ஐந்தில் தைப்பூசம் இல்லை. பாப்பா இன்னும் அங்கே ஊழியரும் இல்லை.

மறுத்தால் பால்குடம் முன்கூட்டியே, காவடிக்கு அவள் இல்லாமலே போவது. அண்ணன் ரொம்ப நேரம் கழித்து "சரி" என்றார்.

27.1.2025, திங்கள்

பதில் இல்லை. வெள்ளிக்கிழமை கெடு தாண்டிவிட்டது. புதன் சீனப் புத்தாண்டு. நாளை பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். காலை பத்தரைக்குப் போன் செய்யச் சொன்னேன், அவர்கள் வேலைக்கு வந்த உடனே வேண்டாம். "மின்னஞ்சல் கிடைத்ததா" என்று மட்டும் கேட்கச் சொன்னேன். கிடைத்தது, அதிகாரி விடுமுறையில், அடுத்த வாரம் சொல்வோம் என்றாராம். பேசியவர் பெயரையும் நேரத்தையும் குறித்து வைத்தோம்.

4.2.2025, செவ்வாய்

நேற்று கேட்கத் துடித்தாள், தடுத்தேன். நீண்ட விடுமுறைக்குப் பிறகு வரும் முதல் நாளில் எந்தக் கடிதமும் அடியில் போய்விடும். இன்று காலை அதே மின்னஞ்சலின் கீழ் இரண்டு வரி: 27ஆம் தேதி பேசியது, 13ஆம் தேதியும் 14 காலையும் இன்னும் காலியாக இருப்பது. 7ஆம் தேதியை எடுத்துவிட்டோம், இனி பயணத்துக்கு இடைவெளி போதாது.

5.2.2025, புதன்

பதினொரு மணிக்குப் பதில்: பிப்ரவரி 13, காலை 9.30. பத்து நிமிடத்தில் உறுதி செய்துவிட்டாள். மதியம் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் இரண்டாவது முறை மாற்றம் கேட்டால் முதல் முறை கேட்டதும் சேர்ந்து கெட்டுவிடும். 12ஆம் தேதி மதியப் பேருந்து, இரவு மலாக்காவில் சித்தி வீடு.

9.2.2025, ஞாயிறு

விரதச் சமையலுக்கு நடுவே ஒத்திகை. "இங்கே பூசத்துக்கு விடுமுறை கிடையாதே, அடுத்த வருஷம் என்ன செய்வீங்க?" என்று நான் அதிகாரியாகிக் கேட்டேன். தேதி மாற்றியவளிடம் இது வரத்தான் செய்யும். "சமாளிச்சுக்குவேன்" என்றாள். அது பதிலே இல்லை. முதல் இரண்டு ஆண்டுக்குச் சட்டப்படி குறைந்தது 8 நாள் ஆண்டு விடுப்பு உண்டு; அதிலிருந்து ஒரு நாளை முன்கூட்டியே எழுதிக் கேட்பேன், ஷிப்ட் அட்டவணை வருவதற்கு முன்பே சொல்லிவிடுவேன் என்று சொல்லச் சொன்னேன்.

13.2.2025, வியாழன்

மதியம் போன் வந்தது. கேட்டார்களாம், அதையேதான், ஆனால் சிரித்துக்கொண்டே. எட்டு நாளைச் சொன்னதும் அந்த அம்மாள் குறித்துக்கொண்டாராம். மீதி நேரமெல்லாம் அளவீட்டுக் கருவிகளைப் பற்றி. முடிவை மாத இறுதியில் சொல்கிறார்களாம். சித்தி அவளை இன்று ஊருக்கு விடவில்லை, சாப்பாடு தயாராகிறதாம்.